ஆளுக்கு 621

வணக்கம். எனக்கு 29 வயது. நாங்கள் ஐந்து பேர் அடிக்கடி ஒன்றாக உணவகம் போவோம். போன வாரம் ஒரு தோழி மொத்த பில்லையும் கட்டிவிட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘ஆளுக்கு 621’ என்று எழுதினாள். நான் சாப்பிட்டது எல்லோருக்கும் பொதுவாக வந்த பெரிய தட்டில் ஒரு பங்கும் பாதி சூப்பும்தான். இரண்டு தட்டு வறுவலை மூன்று பேர் சாப்பிட்டார்கள். பானம் நான் குடிக்கவில்லை. இனிப்பு அந்தத் தோழியும் அவள் கணவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்; அவள் நீட்டியதில் ஒரு ஸ்பூன் ருசி பார்த்தேன்.

முதன்முறையாகத் துணிந்து, யார் யார் எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டு அனுப்பினேன். கூட்டிப் பார்த்தால் பில்லை விட 150 குறைந்தது. ‘அந்த 150 யார் தலையில்?’ என்றாள் பில் கட்டிய தோழி. ‘நமக்குள்ளே இப்படிக் கணக்குப் பார்க்கணுமா?’ என்றான் இன்னொரு நண்பன். இன்னொரு தோழி எதுவும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டு 621 அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் குழுவைத் திறக்கவே மனம் வரவில்லை. யாருக்காவது பரிசு வாங்கும்போது நான் விலை பார்த்ததில்லை. பிறகு ஏன் இது மட்டும் உறுத்துகிறது? நான் கஞ்சமா?

— பெயர் வேண்டாமே

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. பரிசுக்கு எவ்வளவு செலவு என்பதை நீங்கள் முடிவு செய்தீர்கள். இந்த 621-ஐ வேறொருவர் முடிவு செய்தார். உறுத்துவது தொகை அல்ல, உங்களைக் கேட்காமல் முடிவானதுதான். கஞ்சத்தனம் உள்ளவருக்குப் பரிசு வாங்கும்போதும் வலிக்கும்.

இனி அந்த 150. நீங்கள் இணைத்திருந்த பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆலோசகருக்கு இது வேலையா என்று கேட்காதீர்கள். உங்களை அன்று தலைகுனிய வைத்தது அந்த 150தான், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மனம் ஆறாது.

வறுவலுக்கு நேரே மூன்று எண்கள் இருக்கின்றன: 2, 450, 900. முதலாவது எத்தனை தட்டு, நடுவில் இருப்பது ஒரு தட்டின் விலை, கடைசியில் இருப்பது இரண்டு தட்டுக்கும் சேர்த்த தொகை. நீங்கள் நடுவில் இருந்த 450-ஐ மூன்றால் வகுத்து ஆளுக்கு 150 என்று போட்டுவிட்டீர்கள். பானத்திலும் இனிப்பிலும் இந்தப் பிழை வரவில்லை, ஏனென்றால் அங்கே ஆளுக்கு ஒன்று. ஒன்றின் விலையைப் போட்டாலே சரியாகிவிடும். ஒரு வரியில் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்து, சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை அதிலிருந்து வேறுபட்டால்தான் இது காலை வாரும்.

ஆனால் அப்படிப் பார்த்தால் 450 அல்லவா குறைந்திருக்க வேண்டும்? கீழே, மொத்தத்துக்குச் சற்று மேலே, சின்ன எழுத்தில் தள்ளுபடி −300 என்று ஒரு வரி இருக்கிறது. அதை நீங்கள் கழிக்கவில்லை. ஒரு பிழை 450-ஐக் குறைத்தது, மற்றது 300-ஐக் கூட்டியது, வெளியே தெரிந்தது 150. இப்படி இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைக்கும்போது எத்தனை முறை பார்த்தாலும் எங்கே தவறு என்று புலப்படாது. அதனால்தான் மொத்தத்தைக் கடைசியில் மட்டும் சரிபார்க்கக் கூடாது. வரிகளும் கட்டணங்களும் சேர்வதற்கு முன்பே, ஐவரின் உணவுத் தொகைகளையும் கூட்டி, பில்லில் உள்ள உணவுக் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டிருந்தால், 3000 வர வேண்டிய இடத்தில் 2550 வந்திருக்கும். வித்தியாசம் சரியாக ஒரு தட்டின் விலையாக இருந்தால் அந்தத் தட்டுதான் விட்டுப்போயிருக்கிறது. எந்த உணவோடும் பொருந்தாத எண் என்றால் ஸ்கிரீன்ஷாட்டின் விளிம்பில் ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கலாம். முழுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, கணக்கை ஒழுங்காகப் போடுவோம். பொதுத் தட்டு 1000, ஐந்து பேருக்கும் 200 வீதம். வறுவல் 900, மூவருக்கு 300 வீதம். பானம் நான்கு, ஒன்று 120. சூப் 120, உங்களுக்கும் பேசாத தோழிக்கும் 60 வீதம். இனிப்பு இரண்டு, 250 வீதம். அப்படியென்றால் உணவு மட்டும் உங்களுக்கு 260, பேசாத தோழிக்கு 380, கேலி பேசிய நண்பருக்கு 620, பில் கட்டிய தோழிக்கு 870, அவள் கணவருக்கு 870. கூட்டினால் 3000. பில்லோடு பொருந்துகிறது.

அடுத்து தள்ளுபடி, சேவைக் கட்டணம், வரி. இவற்றில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சேவைக் கட்டணமும் வரியுமாக வந்த 405-ஐ நீங்கள் ஐந்தால் வகுத்து ஆளுக்கு 81 என்று சேர்த்திருந்தீர்கள். 260-க்குச் சாப்பிட்டவரும் 870-க்குச் சாப்பிட்டவரும் ஒரே வரி கட்டுவது பொருந்தாது. அவை எல்லாம் சாப்பிட்ட தொகையின் மேல் விழுபவை. ஒவ்வொன்றாகப் பிரித்து மண்டையைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். கடைசியில் கட்டிய தொகை 3105, உணவின் கூட்டுத்தொகை 3000. 3105-ஐ 3000-ஆல் வகுத்தால் 1.035. ஒவ்வொருவருடைய உணவுத் தொகையையும் இந்த ஒரே எண்ணால் பெருக்குங்கள், தள்ளுபடி, கட்டணம், வரி மூன்றும் அவரவர் அளவுக்குத் தானாகப் பிரிந்துவிடும். சில வகை உணவுக்கு மட்டும் தனி வரி விகிதம் என்று பில்லில் போட்டிருந்தால் இந்தக் குறுக்குவழி துல்லியமாக இருக்காது. அப்போது அந்த வகைக்கான வரியை அதைச் சாப்பிட்டவர்களுக்குள் தனியாகப் பிரிக்க வேண்டும். உங்கள் பில்லில் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம்தான்.

பெருக்கி முழு எண்ணாக்கினால் உங்களுக்கு 269, பேசாத தோழிக்கு 393, நண்பருக்கு 642, பில் கட்டிய தோழிக்கும் கணவருக்கும் 900 வீதம். கூட்டினால் 3104. அந்த ஒன்று முழு எண்ணாக்கியதில் விழுந்தது. பில் கட்டியவர் வைத்துக்கொள்ளட்டும் அல்லது நீங்களே சேர்த்துக் கொடுங்கள், அதற்கெல்லாம் விவாதம் வேண்டாம்.

இப்போது இந்த எண்களைச் சமப் பங்கான 621-க்குப் பக்கத்தில் வையுங்கள். உங்களைக் கேலி செய்த நண்பர் தர வேண்டியது 642. சமமாகப் பிரித்ததில் அவருக்கு மிச்சமானது வெறும் 21. நீங்கள் அவரை உங்கள் காசில் சாப்பிட்டவராக நினைத்துக் கோபப்பட்டிருப்பீர்கள். அவர் அப்படி எதுவும் லாபம் பார்க்கவில்லை. அவருக்குப் பிடிக்காதது கணக்குப் பார்ப்பதுதான். மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் இதை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு என்ன தேவை என்று பார்த்துக் கொடுக்கும் உறவு ஒரு வகை, கொடுத்ததற்கு ஈடு எதிர்பார்க்கும் உறவு இன்னொரு வகை. முதல் வகை உறவை நாடுபவரிடம் செய்த உதவிக்கு உடனே ஈடு கொடுத்தால், அவருக்கு நம் மேல் பிடிப்பு கூடுவதில்லை, குறைகிறது. உங்கள் நண்பருக்கு அந்தப் பட்டியல் ‘நீயும் நானும் நண்பர்கள் அல்ல, வாடிக்கையாளர்கள்’ என்று கேட்டிருக்கலாம்.

பேசாமல் இருந்த தோழியோ 228 கூடுதலாகக் கொடுத்திருக்கிறாள். அவள் மௌனத்தை உங்களுக்கு எதிரான ஓட்டாக எண்ணியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணவகத்தில் நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவுகள் 2004-ல் பொருளியல் இதழ் ஒன்றில் வெளிவந்தன. பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழுக்கள், அவரவர் பில் அவரவருக்கு என்று சொல்லப்பட்டவர்களை விட அதிகத் தொகைக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். எப்படிக் கட்ட விருப்பம் என்று கேட்டபோது, ஐந்தில் நான்கு பேர் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள். ஆக, சமப் பங்குக்குத் தலையாட்டும் மேசையில் பெரும்பாலோர் உள்ளுக்குள் வேறொன்றை விரும்பிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை போவதற்கு முன் அந்தத் தோழியிடம் தனியாக, ‘எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது, உனக்கு எப்படி?’ என்று மட்டும் கேளுங்கள். ஆள் சேர்க்க அல்ல. குழுவில் நீங்கள் தனி இல்லை என்று தெரிந்தால் உங்கள் குரல் தானாகவே இறங்கும். பிறகு உணவு சொல்வதற்கு முன்பே குழுவிடம், ‘இன்றைக்கு பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன், அவரவர் சாப்பிட்டதைப் பிரித்து அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்த பின் சொன்னால் அதே வாக்கியம் குற்றச்சாட்டாகிவிடும். தட்டு காலியான பிறகு யாரும் வறுவலைத் திருப்பித் தர முடியாது.

இன்னொன்று. அன்று யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதையும் நீங்களே எழுதினீர்கள். ‘நீ வறுவல் சாப்பிட்டாய்’ என்று இன்னொருவர் சொல்வது வேவு பார்த்தது போல இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, ‘ஒவ்வொரு வரியிலும் உங்கள் பெயரின் முதல் எழுத்தைக் குறித்துவிடுங்கள், கணக்கை நான் போடுகிறேன்’ என்று கேளுங்கள். படத்தின் மேலேயே எழுத போனில் வசதி இருக்கிறது. யாரும் குறிக்காத வரி ஏதாவது இருந்தால் அதை எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் தொகைகளை மட்டும் போடாமல், உணவுக் கூட்டுத்தொகை பொருந்துகிறது என்பதையும் ஒரு வரியில் காட்டுங்கள். ‘அந்த 150 யார் தலையில்?’ என்ற கேள்விக்கு இடமிருக்காது. அவள் கேட்டது நியாயம்தான், பணம் அவள் கையிலிருந்து போயிருந்தது.

எல்லா முறையும் இப்படிச் செய்யவும் வேண்டாம். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவு சாப்பிட்ட நாளில், உங்கள் நண்பருக்கு வந்தது போல இருபது முப்பதுதான் வித்தியாசம் என்றால், சமமாகப் பிரித்துவிட்டு எழுந்து போங்கள். போன வாரத்து 352-ஐ இனிக் கேட்காதீர்கள் என்பது என் எண்ணம். மன்னிப்புக் கேட்டு அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்டால் பேச்சு பணத்தைப் பற்றியதாக இருக்காது, அந்த மன்னிப்பைப் பற்றியதாகிவிடும்.

ருசி பார்த்த அந்த ஒரு ஸ்பூன் இனிப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் நீட்டினாள், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.