வேலை தேடும் மகளின் பதிவில் எந்தப் பதவிகளைக் குறிப்பிடுவது?

கொக்குவிலில் இருந்து எழுதிய தந்தையாருக்கு,

வணக்கம் ஐயா. கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்து, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சியும் பெற்ற உங்கள் மகள், “வேலை தேடுகிறேன், எந்த வேலையென்றாலும் செய்வேன், தெரிந்தவர்கள் உதவவும்” என்று முகநூலில் இட்ட பதிவைப் படித்தேன். வாழ்த்துகள் நிறைய வந்தும் ஒருவர்கூட ஓர் இடத்தைச் சொல்லவில்லையே என்று வருந்துகிறீர்கள். பதிவைப் படித்தவர்களுக்கு உதவும் மனம் இருக்கிறது. யாரிடம் போய் என்ன கேட்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இத்தகைய பதிவை வேலை கொடுப்பவர் நேரே படிப்பது குறைவு. கூடப் படித்த தோழி, பழைய ஆசிரியர், ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா போன்றவர்களே படிக்கிறார்கள். அந்தச் சித்தப்பா சுன்னாகத்தில் கடை வைத்திருக்கும் தம் நண்பரிடம், “என்ரை பெறாமகள் கணக்கு எழுதுவாள், சம்பளப் பட்டியலும் செய்வாள்” என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாகப் பதிவு இருக்க வேண்டும். “எந்த வேலையும்” என்பதை அவரால் எவரிடமும் கொண்டுபோக முடியாது.

வங்கி, ஆசிரியர், கணினி வேலை ஆகியவற்றையும் சேர்த்தால் வாய்ப்புக் கூடும் என்று நீங்கள் கருதுகிறீர்கள். நான் அவற்றைச் சேர்க்கமாட்டேன், ஏனெனில் பட்டியல் நீள நீள, அவர் எதில் தேர்ந்தவர் என்பது மங்கிவிடும். பயிற்சியின்போது தம் கையால் செய்த வேலைகளை முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நான் அவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, ஓர் இரும்புக்கடையின் பேரேட்டைப் பதிந்ததாகவும், வங்கி இணக்கக் கூற்றுகள் தயாரித்ததாகவும், ஓர் அரிசி ஆலையின் சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதிக்குரிய 8 மற்றும் 12 வீதங்களையும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதத்தையும் கணித்ததாகவும் சொன்னார். பெறுமதி சேர் வரிப் படிவங்களை அவர் கோப்பிட்டாரே தவிர, தாமே நிரப்பவில்லை. எனவே கணக்கு உதவியாளர், கணக்காய்வுப் பயிலுநர், சம்பளப் பட்டியல் உதவியாளர் ஆகிய மூன்றும் அவருக்குப் பொருந்தும். வரி தொடர்பான பதவி இப்போதைக்கு வேண்டாம். அந்தப் படிவங்களை அவர் நிரப்பியதில்லை என்பது நேர்முகத் தேர்வின் முதற்கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நீண்ட பதிவின் தொடக்க வரிகள் மட்டுமே திரையில் தெரியும், மீதி மடிந்துவிடும். ஆகையால் பதவியும் இடமும் முதலில் வர வேண்டும். இப்படி எழுதலாம்:

“யாழ்ப்பாணம் அல்லது கிளிநொச்சியில் கணக்கு உதவியாளர், கணக்காய்வுப் பயிலுநர், சம்பளப் பட்டியல் உதவியாளர் ஆகிய பதவிகளில் ஒன்றைத் தேடுகிறேன். கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்துள்ளேன். ஆறு மாதப் பயிற்சியில் சிறு வணிகங்களின் பேரேடு, வங்கி இணக்கக் கூற்று, சம்பளப் பட்டியல் ஆகியவற்றை எக்செலில் தயாரித்தேன். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வேலைக்கு வரலாம். இத்தகைய ஆளைத் தேடும் கடையையோ அலுவலகத்தையோ நீங்கள் அறிந்திருந்தால், உட்பெட்டியில் அறியத்தாருங்கள்.”

கணக்காய்வு செய்த வணிகங்களின் பெயர்களை இதில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளரின் கணக்கை வெளியில் பேசுபவரை இத்துறையில் எவரும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

லிங்க்ட்இன் கணக்கு இருந்தால், அங்குள்ள Open to Work பகுதியில் ஐந்து பதவிகள் வரை தெரிவு செய்யலாம். ஐந்தையும் நிரப்ப வேண்டியதில்லை. ஆட்சேர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தேடுவதால், அங்கே Accounts Assistant என்றே இடட்டும்.

பெண்பிள்ளையின் விவரம் ஊரெல்லாம் பரவுமே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகிய மூன்றும் பதிவில் வேண்டாம். பதிவுக் கட்டணம் கேட்பவருக்கும், நேர்முகத் தேர்வே இல்லாமல் வெளிநாட்டில் கணினி வேலை தருவதாகச் சொல்பவருக்கும் பதில் எழுத வேண்டாம். அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கியிருக்கிறார்கள்.

புதிய பதிவுக்கு வரும் பதில்களைப் பாருங்கள். வாழ்த்து மட்டும் வந்தால், பதவியின் பெயர் இன்னும் தெளிவாகவில்லை. விற்பனைப் பிரதிநிதி வேலைகளே வந்தால், செய்த வேலைகளின் விவரம் போதவில்லை. யாராவது ஒரு கடையின் பெயரைச் சொன்னால், அன்றைக்கே சுயவிவரக் கோவையை அனுப்பி, அனுப்பியதைச் சொன்னவருக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்களும் அதே பதிவை உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரலாம். அப்போது “மகளுக்கு ஏதாவது பார்த்துக்கொடுங்கோ” என்று மேலே எழுதாமல், அந்த மூன்று பதவிகளையே எழுதுங்கள். வேலை கிடைத்த அன்று, கிடைத்துவிட்டது என்று பதிவைத் திருத்தி, இடம் சொன்னவருக்குத் தனியாக நன்றி எழுதச் சொல்லுங்கள்.