ஹாஷ் போட்டால் போன் எண் மறைந்துவிடுமா?

கேள்வி: எங்கள் சங்கத்தில் 40,000 உறுப்பினர்கள். போனில் உள்ளவர்களில் யாரெல்லாம் உறுப்பினர் என்று காட்டும் ஆப் ஒன்று செய்யச் சொன்னோம். எண்களை ‘ஹாஷ்’ செய்து, அதாவது ஒரு கணக்கின் வழியே புரியாத குறியீடாக மாற்றித்தான் சர்வருக்கு அனுப்புவோம், யாராலும் திருப்ப முடியாது என்கிறார் ஆப் செய்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். திருப்ப முடியாதுதான், ஆனால் திருப்பத் தேவையே இல்லை. நம் மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடங்கும். மிஞ்சிப்போனால் 400 கோடி எண்கள். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுவிட்டால் கதை முடிந்தது. பரவலாகப் பயன்படும் SHA-256 என்ற ஹாஷ் முறை என்றால் நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நொடி வேலை. ‘சால்ட் போட்டிருக்கிறோம்’ என்பார்கள். ஹாஷ் போடுமுன் எண்ணோடு சேர்க்கும் கூடுதல் எழுத்துகள்தான் சால்ட். எண்கள் பொருந்த வேண்டுமானால் எல்லாப் போனிலும் ஒரே சால்ட்தானே இருக்க வேண்டும்? அது சர்வர்காரருக்கும் தெரியும்.

நீங்கள் கேட்க வேண்டியது ‘பிரைவேட் செட் இன்டர்செக்‌ஷன்’. தத்தம் பட்டியலைக் காட்டாமலே இரண்டிலும் உள்ளவர்களை மட்டும் கண்டுபிடிக்கும் முறை அது. போன் ஒவ்வொரு எண்ணின் ஹாஷுக்கும் ஒரு பூட்டுப் போட்டு அனுப்பும். சர்வர் அதன்மேல் தன் பூட்டைப் போட்டுத் திருப்பும். போன் தன் பூட்டை மட்டும் கழற்றும். சிறு எண்ணில் பாருங்கள்: நண்பரின் ஹாஷ் 3, போனின் ரகசியம் 4, அதைக் கழற்றுவது 3, சர்வரின் ரகசியம் 7. பூட்டுவது என்றால் ரகசிய எண்ணின் அடுக்குக்கு உயர்த்துவது; 3^4 என்றால் நான்கு 3-களின் பெருக்கல். எல்லாம் 23-ஆல் வகுத்த மீதி.

```
போன்:     3^4  = 81        மீதி 12
சர்வர்:   12^7 = 35831808  மீதி 16
போன்:     16^3 = 4096      மீதி 2
பட்டியல்: 3^7  = 2187      மீதி 2
```

கடைசி வரி, சர்வர் தன் உறுப்பினர் எண்களைப் பூட்டி முன்பே போனுக்கு அனுப்பிய பட்டியல். இரண்டும் 2, ஆகவே நண்பர் உறுப்பினர். சர்வர் பார்த்தது 12 மட்டும். நிஜத்தில் ஒவ்வொன்றும் 32 பைட். உங்கள் 40,000 பேருக்குப் பட்டியல் சுமார் 1.3 எம்.பி. கோடிக்கணக்கானோர் உள்ள ஆப்களுக்குத்தான் இது சுமை.

சோதிப்பது எளிது. போன் அனுப்புவதை இடையில் நின்று பார்க்கும் mitmproxy என்ற கருவியை வைத்து, ஒரே போனிலிருந்து இருமுறை தேடச் சொல்லுங்கள். அனுப்பிய பைட்டுகள் இரண்டு தடவையும் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் வெறும் ஹாஷ்தான். வேறுவேறாக இருந்தாலும், ‘இவர்கள்தான் உங்கள் நண்பர்கள்’ என்று சர்வரே பட்டியல் தந்தால் அதுவும் ஏமாற்றுதான். பொருத்திப் பார்ப்பது போனுக்குள் நடக்க வேண்டும். தொடர்புப் பட்டியலைப் படிக்க ஆண்ட்ராய்டு காட்டும் READ_CONTACTS அனுமதிப் பெட்டி இதையெல்லாம் சொல்லித் தொலைக்காது. முழுப் பட்டியலையும் கொடு, இல்லாவிட்டால் விடு, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் இந்த முறையும் தடுக்காது. ஒருவர் தன் போனில் ஆயிரக்கணக்கான எண்களை இட்டுக்கட்டிச் சேர்த்து, யார் யார் உங்கள் உறுப்பினர் என்று துழாவலாம். சர்வருக்கு எண் தெரியாததால், அது நிஜ நண்பரா, இட்டுக்கட்டியதா என்றும் தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். அதில்தான் கை வைக்க வேண்டும். ஒரு கணக்குக்கு முதல் நாள் 1,000 எண், பிறகு நாளுக்கு 50 என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஓ.டி.பி. இல்லாமல் கணக்குத் திறக்க விட்டால் அந்த வரம்பும் வீண். சர்வரின் ரகசிய எண் யார் கையில் என்பதையும் கேளுங்கள். அது கசிந்தால், போன்களுக்கு அனுப்பிய பட்டியலை அதே 400 கோடிக் கணக்கில் உடைத்துவிடலாம்.