மேசையில் இரண்டு தட்டு

வணக்கம் ஐயா,
தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்கு வகுப்பாசிரியை நான். நிறம் கறுப்பான ஒரு மாணவியைச் சில பையன்கள் ‘கரிச்சட்டி’ என்று கூப்பிட்டார்கள். வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்தி ஏசினேன். இப்போது பெயர் சொல்வதில்லை. அவள் எழுந்தாலே மேசையில் இரண்டு தட்டு தட்டுகிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

விடாதீர்கள். அந்தச் சிரிப்பை நம்ப வேண்டாம். எனக்கு முன்பல் துருத்தியிருக்கும். அதனால் ‘பல்லன்’ என்று பெயர். சிரிக்காவிட்டால் இன்னும் கூடும் என்று நானும் சிரிப்பேன், கையால் வாயை மூடிக்கொண்டு. ஐம்பது தாண்டியும் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகிறது. நாலு பேர் வாயில் மட்டும் இருந்த அந்தப் பெயரை ஒருநாள் இடாப்பு கூப்பிடும்போது வாத்தியார் ஒருவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். அன்றோடு அது பாடசாலை முழுக்கப் போனது.

எல்லோரையும் நிறுத்தி வைத்து ஏசினால் பெயர் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். அவள்தான் கோள் சொன்னாள் என்ற பழியும் சேரும். தட்டுகிறவர்களுக்கோ ரகசியம் ஒன்று கிடைத்துவிடும். தட்டினோம், அவ்வளவுதானே என்பார்கள்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் அனதோல் பிகாஸ் காட்டிய வழி ஒன்று உண்டு. முதலில் பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும், முன்னால் நிற்பவனிலிருந்து தொடங்கி. ஒருவன் போய் மற்றவனுக்குச் சொல்ல இடம் கொடுக்காமல், ஒரே நாளில் அடுத்தடுத்துப் பேசுவது நல்லது. ‘நீதானே செய்தாய்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்பான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘அவளுக்கு வகுப்பில் சரியில்லை போல் தெரிகிறது, நீ ஏதாவது கவனித்தாயா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் அவனே ஏதாவது சொல்வான். பிறகு, ‘சரி, உன்னால் என்ன செய்ய முடியும்?’ ‘நான் தட்டமாட்டேன்’ என்றால் போதும், மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, என்ன ஆயிற்று என்று அவனிடமே திரும்பக் கேளுங்கள். இதை விட்டால் முதல் பேச்சு வீண்.

அவளிடம் பேசுவது இதற்கெல்லாம் பிறகுதான். அப்போதுதான் அவள் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள் என்று ஆகாது. அதுவும் கொப்பிகளைத் தூக்கி வரச் சொல்லும் சாக்கில், தனியாக.

தட்டு நின்றதை மட்டும் பார்க்காதீர்கள். வாசிக்கச் சொன்னால் எழுகிறாளா, இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறாள், குழுப்படம் எடுக்கும் அன்று வருகிறாளா என்று பாருங்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். பரிசளிப்பு விழாவில் மாலை போடவும் வரவேற்பு நடனத்துக்கும் உங்கள் பாடசாலையில் யாரை நிறுத்துகிறீர்கள்? நான் போன விழாக்களில் எல்லாம் வெள்ளைப் பிள்ளைகள்தான் முன்வரிசை. பையன்கள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கைகலப்போ சாதிப் பெயரோ வந்துவிட்டால் இந்த முறை போதாது. நடந்ததைத் திகதியோடு எழுதி அதிபரிடம் கொடுங்கள்.