கசங்காத சட்டைக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: காலையில் அயர்ன் பண்ணிப் போட்ட காட்டன் சட்டை, சிங்கப்பூரில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கசங்கிவிடுகிறது. 'நான்-அயர்ன்' சட்டை வாங்குவதா, பாலியஸ்டர் கலந்ததை வாங்குவதா?

கசங்க வைப்பது பெரும்பாலும் ஈரம்தான். பருத்தி இழை ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். எண்ணிக்கையில் ஏராளம், ஆனால் ஒவ்வொன்றும் வலுக் குறைந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தால் இவை விட்டுப்போகும், சங்கிலிகள் நழுவும். துணி மடிந்த நிலையிலேயே காய்ந்தால், நழுவிய இடத்திலேயே புதுப் பிணைப்புகள் உருவாகிவிடும். அதைத்தான் சுருக்கம் என்கிறோம். நீராவி விட்டு அயர்ன் பண்ணும்போதும் இதேதான் நடக்கிறது, அங்கே துணி தட்டையாக இருந்து காய்கிறது.

உங்கள் காலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரை நடப்பதற்குள் முதுகு வியர்க்கும். அப்படியே ரயிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, ஏர்கான் அறைக்குள் போகிறீர்கள். அங்கே சட்டை காயும், முதுகிலும் முழங்கை உள்பக்கமும் விழுந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும்.

நூறு சதவீதக் காட்டன் சட்டையில் 'நான்-அயர்ன்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது ரெசின் என்ற வேதிப்பொருளை ஏற்றிய துணி. அதிகம் பயன்படும் ரெசினின் பெயர் டிஎம்டிஎச்இயு. அதை மெக்னீசியம் குளோரைடோடு தண்ணீரில் கரைத்து, துணியை முக்கி உருளைகளுக்கு நடுவே பிழிவார்கள். காய வைத்த பிறகு 150 முதல் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிறிது நேரம் வேக வைப்பார்கள். அப்போது ரெசின், பக்கத்துச் சங்கிலிகள் இரண்டுக்கு நடுவே ஏணிப் படி போலப் பொருந்திக்கொள்ளும். இந்தப் பிணைப்பைத் தண்ணீரால் அவிழ்க்க முடியாது. அதனால் துணி நனைந்து மடிந்தாலும் சங்கிலிகள் பழைய இடத்துக்கே இழுபடும்.

பலன் எவ்வளவு என்று பார்க்கத் தரப் பரிசோதனையில் எளிய வழி உண்டு. 40 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டை மடித்து, 500 கிராம் எடையை 5 நிமிடம் வைப்போம். எடுத்துவிட்டு இன்னொரு 5 நிமிடம் கழித்து, மடிப்பு எத்தனை டிகிரி விரிந்தது என்று அளப்போம். நீளவாட்டு நூலான பாவு, குறுக்கு நூலான ஊடை இரண்டின் அளவையும் கூட்டினால் முழு மதிப்பெண் 360. சாதாரணக் காட்டன் அதில் பாதியைத் தாண்டுவதே சிரமம். ரெசின் நன்றாக ஏறிய துணி 250ஐத் தாண்டும்.

அப்புறம், இதற்கு ஒரு விலை உண்டு. சங்கிலிகள் நழுவ முடியாததால் இழுவிசையைப் பகிர்ந்துகொள்ள முடியாது. இழுபடும் சில சங்கிலிகள் அறுந்துபோகும். வேக வைக்கும் சூடும் அமிலத்தன்மையும் வேறு செல்லுலோஸைக் கொஞ்சம் வெட்டிவிடும். துணியின் வலுவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடலாம். அது முதலில் தெரிவது காலர் மடிப்பிலும் கை நுனியிலும்: நிறம் வெளுத்து, நூல் பிரியும். ரெசினிலிருந்து, தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடும் சிறிது வெளியேறும். தோலில் படும் ஆடைக்கு ஓகோ-டெக்ஸ் தரச்சான்று 75 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 75 பங்கு வரைதான் அனுமதிக்கிறது. எப்படியும் புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துவிட்டே போடுங்கள். குளோரின் பிளீச் வேண்டாம், சில ரெசின்கள் அதைப் பிடித்துக்கொண்டு மஞ்சளாகிவிடும்.

பாலியஸ்டர் வேறு வழியில் வேலை செய்கிறது. சாதாரணச் சூழலில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அது இளக 70, 80 டிகிரி வேண்டும் என்பதால் வியர்வையில் அதன் வடிவம் மாறாது. ஆனால் கலப்புத் துணியில் உள்ள பருத்தி கசங்கத்தான் பார்க்கும்; பாலியஸ்டர் அதைத் திரும்ப இழுக்கும், அவ்வளவுதான். அதனால் பல கலப்புத் துணிகளுக்கும் ரெசின் கொடுப்பார்கள். அங்கே பருத்தி இழக்கும் வலுவைப் பாலியஸ்டர் ஈடுகட்டும், காலரும் நீண்ட நாள் தாங்கும்.

பாலியஸ்டரின் எதிரி டிரையர். சூட்டில் இளகிய பாலியஸ்டர், குவியலாகக் கிடந்தே ஆறினால் அந்தச் சுருக்கம் லேசில் போகாது. முடிந்ததும் எடுத்து மாட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், வெயிலில் நடந்து போகும் உங்களுக்குப் பருத்தி அதிகமாக உள்ள 60/40 கலப்பையே சொல்வேன். பாலியஸ்டர் 65 சதவீதம் என்றால் முதுகில் ஒட்டும். நாள் முழுக்க ஏர்கானில் இருப்பவர்கள் ரெசின் காட்டனை எடுக்கலாம். அதை மெஷினில் வேகமாகப் பிழிய விடாமல், ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டி, காலரையும் பட்டன் பட்டையையும் கையால் இழுத்து நேராக்கிவிட்டால் அயர்ன் பெட்டி பெரும்பாலும் தேவைப்படாது.