மணலும் தணலும்

அன்புள்ள ஐயா,

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். நண்பன் போட்ட மெட்டுக்கு ஒரு பல்லவி எழுதினேன்:

நிலவாக நீ வந்தாயே
கனவாக நீ போனாயே

எனக்கே சலிப்பாக இருக்கிறது. நிலவு என்றால் கனவு, வாசம் என்றால் நேசம், மழை என்றால் பிழை என்று பேனா தானாகப் போகிறது. முழுசாக ஒத்துவராத, ஓரளவு நெருங்கி வரும் சொற்களை வைக்கலாமா? அது ஆங்கிலப் பாட்டுக்காரர்களின் வழக்கம், தமிழில் அது பிழை என்கிறான் நண்பன். நல்ல எதுகை அகராதி ஏதாவது உண்டா? சென்னைக்குப் போனால்தான் பாட்டு எழுத முடியுமா?

கா., மதுரை

அன்புள்ள தம்பி,

சென்னைக்குப் போவது உங்கள் வீட்டு விஷயம். அகராதி வேண்டாம். அதைப் புரட்டினால் எல்லோரும் எடுத்த சொல்லைத்தான் நீங்களும் எடுப்பீர்கள்.

உங்கள் நண்பரிடம்தான் எனக்குக் கோபம். அவர் பாட்டு கட்டுகிறவர், வள்ளுவரைக் காதால் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

தக்கார் தகவிலர் என்ப தவரவர்
எச்சத்தாற் காணப் படும்.

இரண்டாம் எழுத்தைப் பாருங்கள், மேலே ‘க்’, கீழே ‘ச்’. எழுத்து வேறு, ஆனால் இரண்டும் வல்லினம். இன்னொன்று:

எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப்
பொய்யா விளக்கே விளக்கு.

இங்கே ‘ல்’லுக்கு ‘ய்’. இரண்டும் இடையினம். இதற்கு இன எதுகை என்று பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமிதசாகரர் தம் செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையில் இதை எதுகைக் கணக்கில் சேர்த்துவிட்டார். அப்போது ஆங்கிலப் பாட்டுக்காரர் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை உங்கள் பல்லவியிலேயே இருக்கிறது. நண்பர் நிலவு–கனவை முழு எதுகை என்று ஒத்துக்கொண்டாராக்கும்? இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். ஒன்றில் ‘ல’, மற்றதில் ‘ன’. ஒன்று இடையினம், மற்றது மெல்லினம். இன எதுகைகூட இல்லை. முடிவில் ‘வு’ ஒத்துப்போவதால் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பிழை என்று அவர் சொல்வதெல்லாம் இன்னும் பழகாததைத்தான்.

உங்கள் வரி ஏன் சலிக்கிறது என்பதற்கு வருகிறேன். ‘நிலவாக’, ‘கனவாக’ இரண்டிலும் ஒத்துவருவது ‘ஆக’. ‘வந்தாயே’, ‘போனாயே’ இரண்டிலும் ஒத்துவருவது ‘ஆயே’. இரண்டுமே ஒட்டு. தமிழில் சொல்லின் வேர் முன்னால் இருக்கிறது, விகுதியெல்லாம் பின்னால் வந்து ஒட்டுகிறது. ‘ஆயே’ என்று முடிக்க நினைத்தால் தந்தாயே, சென்றாயே, தின்றாயே என்று ராத்திரி முழுக்க எழுதலாம், ஒரு வரிக்கும் நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்காமல் கிடைத்த ஒலியைக் காது மதிக்காது. நம் ஆட்கள் எதுகையைச் சொல்லின் தலைப்பக்கம், இரண்டாம் எழுத்தில் வைத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அங்கே விகுதி எட்டாது, வேர்ச்சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அப்பத்தா. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு வைக்கும்போது மை அதிகமாகிவிட்டால் சேலையில் துடைத்துக்கொள்வாள். ஆனால் சாவு வீட்டுக்குள் அவள் நுழைந்தால் மற்ற பெண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். என் பெரியப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது. தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கக் குடமெடுத்துத் தண்ணிக்குப் போனேனே
பொன்னுக் குடமுடைஞ்சு பொழுதும் சாஞ்சதய்யா

பல வருஷம் கழித்துக் காரிகை படித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. தங்க – பொன்னு. ‘ங்’, ‘ன்’. மெல்லினத்துக்கு மெல்லினம். அவள் இலக்கணம் படித்து வைத்ததில்லை. தங்கம் என்றதும் அங்கம், பங்கம், சங்கம் என்று தேடினால் அழுகை நின்றுவிடும். அவளுக்கு அடுத்த சொல் பொருளிலிருந்து வந்தது. காது அதை இனத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உள்ளே விட்டது. ‘போனேனே’யில் அந்தக் கடைசி ‘ஏ’யைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் வாசலில் கொட்டுக்காரர்களே நிறுத்திவிட்டார்கள்.

அந்த இழுப்பில்தான் விஷயம் இருக்கிறது, தம்பி. பாடுகிறவர் வல்லின மெய்யை நீட்ட முடியாது. ‘ச்’சை நீட்டிப் பாருங்கள், பாம்பு சீறும். ‘ட்’டை நீட்டவே முடியாது. நீட்டுவது பெரும்பாலும் உயிரைத்தான். ஆகவே மெதுவான மெட்டில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது நீளும் இடத்து உயிரை. மெய்யை மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் மெட்டையே எடுப்போம். பல்லவியைத் தத்தகாரமாக்கினால் ‘தனதான தா தந்தானா’ என்று வருகிறது. முதல் சீர் குறில் குறில் நெடில் குறில். அப்புறம் நாலு கனமான அசை, அதில் மூன்றாவது நீளும் என்று வைத்துக்கொள்கிறேன். நண்பர் வேறு இடத்தில் நீட்டினால் கணக்கு மாறும். நீங்கள் பூ மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாட்டில் ஒரு பூ இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் விடியற்காலையில் உங்கள் முன் மல்லி கிலோ கணக்கில் மொட்டாக வந்து இறங்குகிறது. சாயங்காலம் விரியப்போகிற வாசத்துக்குக் காலையிலேயே விலை பேசுகிறீர்கள். நிலாவை விட்டுவிட்டு இதை எழுதினால் என்ன?

முதலில் இப்படி எழுதினேன்:

விரியாத மொட்டானாயே
விலைபேச வந்தேன் நானே

‘ரி’க்கு ‘லை’, இடையினத்துக்கு இடையினம். ‘வி’க்கு ‘வி’ மோனை. ‘ஆயே’வுக்கு ‘ஆனே’. சரியாகத்தான் வந்திருக்கிறது என்று எழுந்து பாடிப் பார்த்தேன். மெட்டு ‘மொட்டா’வில் மூச்சு வாங்கி ‘னாயே’வில் நீண்டது. அடுப்படியிலிருந்து என் மனைவி, “யாரை நாயேன்னு திட்டுறீங்க?” என்று கேட்டாள். எழுத்தில் தெரியாது. தாளம் சொல்லை எங்கே வெட்டுகிறது என்பதைப் பாடினால்தான் கண்டுபிடிக்க முடியும். அதுவும் பக்கத்து அறையில் ஒருவரை வைத்துக்கொண்டு பாட வேண்டும். எழுதியவன் காது தனக்குத் தேவையானதை மட்டும் கேட்கும்.

இரண்டாம் முறை:

விரியாத மொட்டின் வாசம்
விலைபேச நெஞ்சில் பாரம்

நீளும் இடத்தில் ‘வா’, ‘பா’. இரண்டிலும் ஆகாரம். மூடும் இடத்தில் இரண்டிலும் ‘அம்’. நடுவில் ‘ச’ போய் ‘ர’ வந்திருக்கிறது, அது மாறும் நேரம் கண்ணிமைப்பு. கேட்கிறவர் ‘வாசம்’ வந்ததும் நேசத்துக்கும் பாசத்துக்கும் தயாராகிவிடுவார். ‘பா’ என்று தொடங்கியதும் பாசம்தான் என்று நினைப்பார். அங்கே ‘ரம்’ வந்தால் ஒரு நொடி திடுக்கிடுவார், ஆனால் தாளம் தட்டாது. இதே இடத்தில் ‘நேரம்’ போட்டுப் பாருங்கள். பொருள் கெடாது, ஆனால் பாடகரின் வாய் முதல் வரியில் திறந்து இரண்டாவதில் பக்கவாட்டில் இழுபடும். காகிதத்தில் பாரமும் நேரமும் ஒரே தூரத்தில் இருப்பதாகத் தெரியும். வாயில் அப்படி இல்லை.

குறில் நெடில் மட்டும் மாறக்கூடாது. முதலெழுத்து குறிலானால் குறில், நெடிலானால் நெடில். ‘பாட்டு’க்கு ‘பட்டு’ வைத்தால் இரண்டாம் எழுத்து ஒத்தும் எதுகை செத்துவிடும். ‘மொட்டு’க்குக் ‘கொத்து’ வைத்தால் எழுத்து ஒவ்வாமலே ஓடும்.

குத்துப்பாட்டு என்றால் நான் மேலே சொன்னதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். அங்கே உயிர் நீள நேரமில்லை. பறையோ தவிலோ விழுகிற இடத்தில் மெய்யெழுத்துதான் அடி வாங்குகிறது. அங்கே ட்ட, த்த, க்க, ச்ச, ப்ப என்று இரட்டித்த வல்லினத்துக்குள்ளேயே சுற்றி வாருங்கள். மொட்டு, கொத்து, ஒப்பு எல்லாம் ஒரே குடும்பம். இடையில் ‘மெல்ல’ என்று ஒன்றைப் போட்டால் அடி சறுக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை நான் பட்டே அறிந்தேன். பக்திப் பாட்டு கேசட்டுகள் விற்ற காலம். சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு தொகுப்பு கேட்டார்கள். அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதற்கு இப்படி எழுதினேன்:

குதிரை மிதித்த ஆற்று மணல்
குடை விரித்த அழகர் நிழல்

மணல் – நிழல் காரிகைக்குள் எதுகையாக வராது. ஆனால் அந்த மெட்டில் நீண்டது கடைசி ‘அ’. அதனால் எனக்கு ஒத்துப்போனது. பணம் போட்டவருக்கு ஒத்துப்போகவில்லை. “எதுகை இடிக்குது தம்பி” என்றார். என்னைக் கேட்காமல் அவரே திருத்தி ஒலிப்பதிவும் முடித்துவிட்டார். கேசட் வந்து பார்த்தால் ‘குடை விரித்த அழகர் தணல்’. சித்திரை வெயிலில் சாமியைக் கொண்டுபோய் நெருப்பில் இறக்கிவிட்டார். ‘ண’வுக்கு ‘ண’ வந்துவிட்டது, அவருக்கு அது போதும். ஊரில் என் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது. பாட்டு முழுக்க முழு எதுகை வைத்துவிட்டு அந்த ஓர் இடத்தில் மட்டும் தளர்த்தியிருந்தேன். தனியாக நிற்கும் தளர்வு கைத்தவறு மாதிரிதான் கேட்கும். பல்லவியிலேயே ஒருமுறை, சரணத்தில் இன்னொருமுறை செய்திருந்தால், இந்த ஆள் தெரிந்துதான் செய்கிறான் என்று அவர் காதுக்கும் புரிந்திருக்கும். உங்கள் பல்லவி வாசம் – பாரம் என்று தொடங்கிவிட்டால் சரணத்தில் மழைக்குத் தரை வைத்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ‘பிழை’ வைத்தால்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது வரியும் போட்டுப் பார்த்தேன். ‘அளவாகத் தூக்கும் தட்டில்’. ‘ள’ இருப்பதால் ‘ரி’யோடும் ‘லை’யோடும் சேர்ந்துகொள்கிறது, உங்கள் கடைத் தராசும் பாட்டுக்குள் வந்துவிடுகிறது. நாலாவது வரி உங்களுடையது. அதைக் கட்டிலில் கொண்டுபோய் முடித்தீர்களானால் எனக்கு அனுப்ப வேண்டாம். தொட்டிலானாலும் வேண்டாம்.