தொலைந்த ஸ்லிப்புக்கு இன்னொரு ஸ்லிப்பில் கூட்டி எழுதலாமா?

கேள்வி: ஐயா, நான் டர்பனில் ஏர் கண்டிஷன் பொருத்தும் கம்பெனியில் சூப்பர்வைசர். போன மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வேலைக்குச் சாமான் போதாமல் என் காசில் வாங்கினேன். ஹார்டுவேர் கடையில் கார்டு போட்டு 460 ராண்ட். அந்த ஸ்லிப்பைத் தொலைத்துவிட்டேன். நம்ம ஆள் ஒருவரின் சின்னக் கடையில் ரொக்கமாக 740. அதற்கு ஸ்லிப் இருக்கிறது. "1,200 என்று புதுசாக எழுதித் தருகிறேன், உன் கணக்கு சரியாகிவிடும்" என்கிறார் கடைக்கார அண்ணன். நான் செலவழித்ததைத்தானே கேட்கிறேன். ஒரு சென்ட்கூட அதிகமில்லை. இதில் என்ன தப்பு?

பதில்: கூட்டுத்தொகை உண்மைதான். ஆனால் நீங்கள் கொடுக்கப்போகும் தாள் பொய். "இந்தக் கடையில் 1,200 ராண்டுக்குச் சாமான் வாங்கினேன்" என்று அது சொல்கிறது; நீங்கள் அங்கே வாங்கியது 740-க்குத்தான். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் மோசடி என்பதற்கு, தெரிந்தே பொய்யான ஒன்றைச் சொல்லி இன்னொருவருக்கு இழப்பை உண்டாக்கினாலோ, இழப்பு வரக்கூடிய நிலையை உண்டாக்கினாலோ போதும். இழப்பு நிஜமாகவே நடந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே "நான் லாபம் பார்க்கவில்லையே" என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கம்பெனிக்கு இதில் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். வாட்டைப் பாருங்கள். 15 சதவீத வாட் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், விலையை 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வாட் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 740 ராண்டில் அது 96.52. 1,200-இல் 156.52. அண்ணன் வாட் பதிவு செய்தவராக இருந்தால், உங்கள் கம்பெனி அந்தத் தாளை வைத்து 60 ராண்ட் கூடுதலாக வரித்துறையிடம் திரும்பக் கேட்கும். அவர் விற்காத சாமானுக்கு, அவர் கட்டாத வரியை. ஒன்றும் தெரியாத உங்கள் கணக்காளர் அந்தப் பொய் ரிட்டர்னை அனுப்பியிருப்பார். அண்ணனுக்கும் தலைவலிதான்: அவருடைய ஸ்லிப் புத்தகத்தின் கார்பன் பிரதியில் 740 என்று இருக்கும், உங்கள் கையில் 1,200 இருக்கும். புதுத்தாள் கிழித்துக் கொடுத்தால் ஒரே விற்பனைக்கு இரண்டு எண்ணில் இரண்டு ரசீது. வாட் சட்டப்படி ஒரு விற்பனைக்கு ஒரே வரி ரசீதுதான் உண்டு.

இது யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்களுக்காக, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2019-இல் நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில், ஒருவர் 80 ராண்ட் சாப்பாட்டு ஸ்லிப்பில் முன்னால் ஒரு 1 போட்டு 180 ஆக்கினார். பேனா மையும் நிறமும் கச்சிதம். கீழே சின்ன எழுத்தில் வாட் 10.43 என்று அச்சாகியிருந்ததை மட்டும் அவர் பார்க்கவில்லை. 180-க்கு 23.48 வந்திருக்க வேண்டும். கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நூறு ராண்டுக்காக வேலையே போயிற்று. தொகை சின்னது என்று அவர் சொன்னதை விசாரணையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் காசு புழங்கும் வேலையில் இருப்பவரை இனி நம்ப முடியுமா என்பதைத்தான் கேட்டார்கள்.

சரி, 460-ஐ எப்படி வாங்குவது? உங்கள் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், தொலைந்த ஸ்லிப்தான் இரண்டில் மீட்க எளிதானது. கார்டில் கட்டியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்தக் கடையின் பெயர், தொகை எல்லாம் இருக்கும். அதோடு, கட்டிய அதே கார்டையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள். வங்கி அறிக்கையில் காட்டும் தேதி வாங்கிய நாளுக்கு ஒன்றிரண்டு நாள் பின்னால் இருக்கலாம். ஆகவே வேலைக்குப் போன நாளைச் சொல்லுங்கள், போனில் வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் நேரத்தையும் காட்டுங்கள். கல்லாவில் நிற்பவரிடம் கேட்டால் "முடியாது" என்றுதான் வரும். மேனேஜரையோ அலுவலகத்தில் உட்காரும் அம்மாவையோ கேளுங்கள். தேதியும் தொகையும் கார்டின் கடைசி நான்கு எண்ணும் இருந்தால் விற்பனையைத் தேடி எடுத்துவிடலாம். மூலம் தொலைந்தது என்றால் "பிரதி" என்று தெளிவாகக் குறித்த நகலைக் கடை கொடுக்கலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. அந்த நகலில் 60 ராண்ட் வாட்டும் இருக்கும், உங்கள் கம்பெனிக்கும் குறையில்லை. கடை இந்தக் கணக்குகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், ஒரு மாதம் ஒன்றும் பெரிய காலமில்லை.

வங்கி அறிக்கையை மட்டும் நீட்டினால் போதாதா என்றால், போதாது. பணம் போனது அதில் தெரியும், என்ன வாங்கினீர்கள் என்பது தெரியாது. செம்புக் குழாயா, வீட்டுக்கு ஒரு டிரில்லா?

கடை கைவிரித்துவிட்டால், ஸ்லிப் இல்லை என்பதை ஒரு கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தக் கடை, என்னென்ன சாமான், எந்த வேலைக்கு, எவ்வளவு, எப்படிக் கட்டினீர்கள், கடையில் நகல் கேட்டு என்ன பதில் வந்தது, இந்தத் தொகையை வேறு யாரிடமும் வாங்கவில்லை என்பது. கூடவே வங்கி அறிக்கையின் அந்த வரி, அன்றைய ஜாப் கார்டு, பொருத்தின சாமானின் போட்டோ. அன்று உடன் இருந்தவர் யாராவது கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. பல கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கும், முதலில் அதைக் கேளுங்கள். சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே செய்து தருவார்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். அதில் பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

இந்த வழியில் முழு 460-ம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். 50 ராண்டுக்கு மேற்பட்ட விற்பனைக்கு வரி ரசீது இல்லாமல் கம்பெனி வாட்டைத் திரும்பக் கேட்க முடியாது. அந்த 60-ஐக் கழித்துக்கொண்டு 400 தருகிறோம் என்று சொன்னாலும் சொல்லலாம். அது அவர்களுடைய விதியைப் பொறுத்தது, மேனேஜரிடம் பேசிப் பாருங்கள். 400 வந்தால் எனக்குத் தெரிந்து அதுவே நல்ல முடிவு.

அப்புறம் அண்ணனுடைய 740 ஸ்லிப். அதை அப்படியே கொடுங்கள், எதையும் திருத்த வேண்டாம். அவர் வாட் பதிவு செய்தவர் என்றால், தாளில் வாட் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 5,000 ராண்ட் வரைக்கும் சுருக்கமான வரி ரசீதே போதும், உங்கள் கம்பெனியின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டியதில்லை. ஒருவேளை 1,200 தாளை அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால், கிழித்துப் போடாமல் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். கார்பன் பிரதியோடு சேர்த்துக் குறுக்கே கோடு போட்டு "ரத்து" என்று எழுதி, புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.