நண்பகலில் வரும் பயம்

அன்புள்ள டாக்டர்,

ஒரு கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். ஓராண்டாக நிரந்தர நைட் ஷிஃப்ட். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்துக் காலை ஆறுக்கு முடியும். வாரத்தில் ஐந்து இரவு வேலை, இரண்டு நாள் லீவு. காலை ஏழரைக்குப் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். ஆனால் பன்னிரண்டு மணிக்குள் விழிப்பு வந்துவிடுகிறது. விழிக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிடும், வேலை போய்விடும் என்று மனம் எங்கெங்கோ ஓடுகிறது. பிறகு தூக்கம் கிடையாது. இசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். லீவு நாட்களில் எல்லோரையும்போல இரவில் தூங்கிப் பகலில் நடமாடுகிறேன். ஆனாலும் அடுத்த ஷிஃப்ட்டுக்கு முந்தைய மாலையே பயம் பிடித்துக்கொள்கிறது. எனக்கு மனநோய் வந்துவிட்டதா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் அறிகுறிகளைவிட எனக்கு அதிகம் சொன்னவை நீங்கள் குறித்திருக்கும் நேரங்கள்தான். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேரும் தூக்க அழுத்தம். மற்றொன்று, உடல் கடிகாரம். கண்களிலிருந்து வரும் நரம்புகள் மூளைக்குள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். உடல் வெப்பம் எப்போது ஏற வேண்டும், தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும், விழிப்புக்குத் தயார்படுத்தும் கார்டிசால் எப்போது உயர வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. நீங்கள் ஷிஃப்ட்டில் இருக்கிறீர்களா, லீவில் இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரத்தைக் கணிக்கிறது.

1981இல் ஸ்வீடனில் ஓகர்ஸ்டெட், கில்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆட்களை வெவ்வேறு நேரங்களில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இரவு 11 மணிக்குப் படுத்தபோது தூங்கிய நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் காலை 11 மணிக்குப் படுத்தபோது தூங்க முடிந்தது. இத்தனைக்கும் காலையில் படுத்தவர்கள் இரவு முழுக்கக் கூடுதலாக விழித்திருந்தவர்கள். களைப்பு அதிகம், தூக்கம் குறைவு. உங்களுக்கு நடப்பதும் இதுதான். ஏழரைக்குப் படுத்தவுடன் தூங்கவைப்பது சேர்ந்துபோன தூக்க அழுத்தம். முதல் நான்கு மணி நேரத்திலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அதே நேரத்தில் கடிகாரம் உடல் வெப்பத்தை ஏற்றி, ‘பகல் வந்துவிட்டது, எழுந்திரு’ என்று முழு வேகத்தில் சொல்லத் தொடங்கியிருக்கும். தூக்கத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் மிச்சமில்லாததால் விழிப்பு வருகிறது.

இதுவரை தூக்கம் பற்றி. பயம் எங்கிருந்து வருகிறது?

ஆழ்ந்த களைப்பில் இருக்கும்போது உடல் திடீரென்று விழிப்புநிலைக்குத் தள்ளப்பட்டால் நாடித்துடிப்பு கூடும், தசைகள் இறுகும். அந்த நேரத்தில் மூளையும் சரியான நிலையில் இல்லை. 2007இல் அமெரிக்காவில் மேத்யூ வாக்கர் குழுவினர் ஓர் இரவு தூங்காதவர்களையும் தூங்கியவர்களையும் ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். மனதைக் கலங்கவைக்கும் படங்களைக் காட்டியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி தூங்காதவர்களிடம் சுமார் 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. ‘பொறு, ஒன்றுமில்லை’ என்று அதை அடக்கும் நெற்றிப்புற மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. அவர்கள் இழந்தது ஒரு முழு இரவு. நீங்கள் இழப்பது தினமும் இரண்டு மூன்று மணி நேரம், அதுவும் ஓராண்டாக. அளவு வேறு என்றாலும் திசை ஒன்றுதான்.

ஆக, காரணமில்லாத ஒரு படபடப்பு முதலில் வருகிறது. மனத்தால் காரணமில்லாத படபடப்பைச் சும்மா விட முடியாது. வீடு, வேலை, உடல்நலம் என்று கைக்கு அகப்பட்டதை எடுத்து அதற்குக் காரணமாக்கிவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கு வரும் எண்ணங்கள் உங்கள் வாழ்க்கையைப் பற்றி எந்த உண்மையையும் சொல்வதில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவை படபடப்புக்குப் பின்னால் வந்தவை. கவலையால் விழிப்பு வந்தது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். பெரும்பாலும் விழிப்பால்தான் கவலை வந்திருக்கிறது.

அடுத்த ஷிஃப்ட்டுக்கு முந்தைய மாலைப் பயத்துக்கு வேறொரு காரணம் உண்டு. லீவில் இரண்டு இரவு வழக்கம்போல் தூங்கியதும் கடிகாரம் கொஞ்சநஞ்சம் நகர்ந்திருந்தாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் உடலுக்கு இது தெரியும், அதனால்தான் அஞ்சுகிறது. ஓராண்டாகியும் பழகவில்லையே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இந்த முறையில் எத்தனை ஆண்டானாலும் பழகாது.

முழுமையாக இரவு மனிதராக மாறினால் குடும்பம் கைவிட்டுப் போகும். மாறாமலே இருந்தால் இப்படித்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் ஷார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள்: கடிகாரத்தைப் பாதி தூரம் மட்டும் நகர்த்தி அங்கேயே நிறுத்திவைப்பது. அவர்கள் 11 மணி முதல் 7 மணி வரையிலான ஷிஃப்ட்டுக்கு வகுத்ததை ஒரு மணி நேரம் முன்தள்ளி உங்களுக்குச் சொல்கிறேன்.

உடல் வெப்பம் மிகக் குறையும் நேரத்தைக் கடிகாரத்தின் அடிப்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும். பகல் வாழ்க்கை வாழ்பவருக்கு ஏறத்தாழ அதிகாலை 4 மணி. ஷிஃப்ட்டில் தூக்கம் கண்ணைச் சொக்குவதும், உடல் சிலிர்ப்பதும் அப்போதுதான். அந்தப் புள்ளிக்கு முன்னால் பார்க்கும் பிரகாசமான வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தூக்க நேரத்தைத் தாமதமாக்கும்; உங்களுக்குத் தேவை அதுதான். அதற்குப் பின்னால் பார்க்கும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். ஆறரை மணி வெயிலில் வீடு திரும்பும்போது, இரவெல்லாம் பட்ட பாட்டை அந்த வெயில் அழித்துவிடுகிறது.

எனவே நள்ளிரவு முதல் 4 மணி வரை உங்கள் இருக்கையில் முடிந்த அளவு வெளிச்சம் வையுங்கள். அதன் பிறகு குறையுங்கள். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். ஆனால் நீங்களே வண்டி ஓட்டினால், கண் சொக்கும் நாளில் கண்ணாடியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரவுப் பணியாளர்கள் உயிரிழக்கக்கூடிய இடம் அந்தப் பயணம்தான். அறையைக் கைவிரல் தெரியாத அளவுக்கு இருட்டாக்கி ஏழரை முதல் இரண்டரை வரை படுக்கையை ஒதுக்குங்கள். எழுந்ததும் கால் மணி நேரமாவது வெளியே வெயிலில் நில்லுங்கள். கடிகாரம் அளவுக்கு மீறிப் பின்னால் போகாமல் அது தடுத்து நிறுத்தும்.

லீவு நாட்களில்தான் உங்களுக்கு மனம் ஒப்பாது. பத்து மணிக்குப் படுக்காதீர்கள். இரவு 2 மணிக்குப் படுத்து 11 மணிக்கு எழுங்கள். கடைசி ஷிஃப்ட் முடிந்த காலையில் மட்டும் பன்னிரண்டரைக்கே எழுந்துவிட்டால் அன்றிரவு இரண்டுக்குத் தூக்கம் வரும். கணக்குப் பார்த்தால் ஏழு நாளும் ஏழரை முதல் 11 வரை நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். கடிகாரத்துக்கு அந்த மூன்றரை மணி நேரம் நங்கூரம். மாலையும் முன்னிரவும் குடும்பத்துக்குக் கிடைக்கும். அடிப்புள்ளி நாளுக்கு ஒரு மணி நேரம் போலத்தான் நகரும். 4லிருந்து காலை 9க்கு வர ஒரு வாரம் பிடிக்கும். முதல் வாரம் பலன் தெரியாவிட்டால் கைவிட்டுவிடாதீர்கள். அடிப்புள்ளி தூக்கத்துக்குள் வந்துவிட்டதற்கு அடையாளம், 4 மணிக்கு வரும் அந்தச் சொக்கல் குறைவதும் நண்பகல் விழிப்பு மெல்ல மெல்லத் தள்ளிப்போவதும்.

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2022இல் பாஸ்டனில் ஆய்வகத்துக்குள் இரவுப்பணி போன்ற சூழலை உருவாக்கி 19 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. இரவிலும் பகலிலும் சாப்பிட்டவர்களுக்குப் பதற்ற உணர்வு சுமார் 16 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்பற்றுவதில் பெரிய சிரமம் இல்லை. முழுச் சாப்பாட்டை ஷிஃப்ட்டுக்கு முன் முடித்துக்கொண்டு, நள்ளிரவுக்குப் பின் பசி தாளாவிட்டால் மட்டும் கொஞ்சம் சாப்பிடுங்கள். காபி, டீயை இரவு ஒரு மணியோடு நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும்.

இடையில் விழிப்பு வந்துவிட்டால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல் ஆனதாகத் தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, தூக்கம் வரும்போது படுங்கள். படுக்கையிலேயே கிடந்து பயத்தோடு மல்லுக்கட்டினால், நாளடைவில் படுக்கையைப் பார்த்தாலே பயம் வரப் பழகிவிடும். அந்நிலைக்குப் போய்விட்டால் கடிகாரத்தைச் சரிசெய்தாலும் தூக்கம் திரும்பாது. அதற்குத் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை தனியாக வேண்டும். தூக்க மாத்திரை பகல் தூக்கத்தைச் சற்று நீட்டலாம், ஆனால் கடிகாரத்தை நகர்த்தாது.

இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்களுடைய கடிகாரத்தை ஓரிடத்தில் நிறுத்தவே முடியாது. உங்களுக்கு நிரந்தர ஷிஃப்ட் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதங்களுக்கு மேல் ஷிஃப்ட்டோடு ஒட்டியே தூக்கக் கோளாறு நீடித்தால் அதற்கு மருத்துவத்தில் ‘பணிநேரத் தூக்கக் கோளாறு’ என்ற நோய்ப்பெயர் இருக்கிறது. உங்களுடையது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து இரவில் தூங்கிப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். இரண்டாவது வாரத்தில் படபடப்பு அடங்கினால் அது கடிகாரத்தின் வேலை. நன்றாகத் தூங்கிய பிறகும், பகலில் எல்லா நேரமும் பயம் தொடர்ந்தால் அது தனியான பதற்ற நோயாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு, தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பலத்த குறட்டை, மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பது இருந்தால் தூக்கப் பரிசோதனை வேண்டும். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருமுனை மனநோய் இருந்திருந்தால், தூக்கக் குறைவே அதைத் தூண்டக்கூடும் என்பதால் இரவுப்பணியைத் தொடரலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் விடுப்புக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை மட்டும் எழுதிவையுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், பயம் வந்த நேரம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.